தலைப்பு மட்டும் உள்ள ஸ்லைடு, ஓடும் பிரெஞ்சு: ரீயூனியன் வகுப்பறையில் காதைப் பழக்குவது

"காரைக்காலிலிருந்து வந்து ரீயூனியன் தீவின் சேன் தெனியில் மூஃபியா வளாகத்தில் புவியறிவியல் முதலாண்டு படிக்கிறேன். சேன்தாந்த்ரேயில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். பிரெஞ்சில் பி2 தேர்வு பாஸ் பண்ணிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கூர் மஜிஸ்த்ரால் எனப்படும் விரிவுரை வகுப்பில் பேராசிரியர் இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறார், ஸ்லைடில் தலைப்பு மட்டும்தான் இருக்கிறது. ஒரு வாக்கியம் எழுதுவதற்குள் மூன்று வாக்கியம் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால் எனக்கே புரியவில்லை. என்ன செய்வது?"

முதலில் ஒரு சோதனை. புரியாமல் போன வகுப்பின் அதே தலைப்பை நூலகப் பாடநூலில் எடுத்து இரண்டு பக்கம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். எழுத்தில் படித்தும் பாதிக்கு மேல் புரியவில்லை என்றால் உங்கள் சிக்கல் வேகம் இல்லை, கலைச்சொல். அதற்குக் காதைப் பழக்கிப் பயனில்லை, பாடத்தை முன்கூட்டியே படிக்கத்தான் வேண்டும். படித்தால் புரிகிறது, கேட்டால்தான் நழுவுகிறது என்றால் இனி வருவது உங்களுக்கு உதவும். பி2 முடித்து வந்தவர்களில் பலர் இந்த இரண்டாம் வகைதான். தேர்வில் வரும் ஒலிப்பதிவு சில நிமிடத் துண்டு, கேள்வியும் முன்னாலேயே கையில் இருக்கும். எதைத் தேடிக் கேட்பது என்று தெரிந்து கேட்கிறீர்கள். வகுப்பில் அந்தக் கேள்வித்தாள் கிடையாது. அதை நீங்களே தயாரித்துக்கொண்டு போக வேண்டும்.

தலைப்பு மட்டும் வைப்பதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுப் பல்கலைக்கழக வழக்கத்தில் ஒரு வகுப்பின் எலும்புக்கூடு 'ப்ளான்' எனப்படுவது. பெரிய ஒன்று, சின்ன ஒன்று, சின்ன அ என்று அடுக்கடுக்காக இறங்கும் வரிசை அது. ஸ்லைடில் நீங்கள் பார்ப்பது அந்தப் ப்ளான்தான். சதை வாயால் வரும், அதை எழுதிக்கொள்வது மாணவர் வேலை என்பது அங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் லிசே என்னும் மேல்நிலைப்பள்ளியில் மூன்று வருடம் இதைச் செய்துவிட்டு வந்தவர். நம் ஊரில் கரும்பலகையில் இருப்பதையும் நோட்ஸ் என்று கொடுப்பதையும் எழுதிப் பழகிவிட்டு, முதல் வாரத்திலேயே அவரோடு போட்டி போட்டால் தோற்கத்தான் செய்வோம். கணக்கும் நமக்கு எதிராகவே இருக்கிறது. பேசுகிறவர் நிமிடத்துக்கு 150 சொல்லுக்குக் குறையாமல் பேசுகிறார், கை ஏறக்குறைய 25 சொல் எழுதும். யாராலும் எல்லாவற்றையும் எழுத முடியாது, பிரெஞ்சுக்காரராலும் முடியாது. அவர் எதை விடலாம் என்று தெரிந்து விடுகிறார். நாம் எது வருகிறதோ அதை எழுதுகிறோம்.

எதை விடக்கூடாது என்று கேட்டால் என் கணக்கில் மூன்றுதான்: எண், 'இல்லை' என்று சொல்லும் சொல், பேச்சைத் திருப்பும் சொல். மற்றதெல்லாம் பாடநூலில் இருக்கிறது, பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இந்த மூன்றும் தவறினால் நிரப்பவும் முடியாது, நிரப்பினாலும் தலைகீழாக நிரப்புவீர்கள்.

முதல் நாள் இரவு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்லைடு பல்கலைக்கழகத்தின் மூடில் இணையதளத்தில் முன்பே ஏறியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சீனியரிடம் போன வருடக் கட்டு கேளுங்கள், தலைப்புகள் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக மாற்றித் தாளில் எழுதுங்கள். 'இரண்டு எரிமலைகள்' என்று ஒரு தலைப்பு இருந்தால், எது பழையது, எவ்வளவு பழையது, எது இப்போதும் இயங்குகிறது, ஏன் என்று நான்கு கேள்வி. தமிழிலேயே எழுதலாம். கேள்விக்குக் கீழே ஏழெட்டு வரி இடம் விடுங்கள். ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். அது பழுதுபார்க்கும் இடம்.

அடுத்தது சொல். ஒரு வகுப்புக்குப் பதினைந்து சொல் போதும், அதற்கு மேல் தலையில் நிற்காது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், இணைய அகராதியில் உச்சரிப்பை அழுத்திக் கேளுங்கள், கேட்டதைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'சரிந்து உள்வாங்குதல்' என்பதற்கான சொல்லைத் தாளில் பார்த்தால் பன்னிரண்டு எழுத்து. காதில் விழுவது 'எஃபோன்ட்ர்மான்' என்று ஒரே உருட்டு. 'வெப்பப்புள்ளி' காதில் 'புவேன் ஷோ', 'கேடய வடிவ எரிமலை'யில் வரும் கேடயம் 'பூக்லியே'. எழுத்தாகத் தெரிந்த சொல் ஒலியாகத் தெரியாவிட்டால் அது தெரியாத சொல்தான். வகுப்பில் நழுவுவதில் பெரும்பங்கு இங்கேதான் நழுவுகிறது. கண்ணுக்கு அறிமுகமான சொல்லைக் காது அந்நியமாக நினைத்து நின்றுவிடுகிறது, அது நின்ற இரண்டு நொடியில் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது.

இனி காதுக்கு வருவோம். இதில் தமிழ் பேசுகிறவருக்குச் சில வசதிகள் உண்டு, அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை.

பிரெஞ்சில் ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். சொல் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை என்று எல்லோரும் புலம்புவது இதைத்தான். நமக்கு இது புதிதா? 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற சூத்திரத்தைப் பள்ளியில் ஒப்பித்தவர்கள் நாம். 'நாளேடு' என்று கேட்டால் 'நாள்', 'ஏடு' என்று காது தானாகப் பிரிக்கிறது. அதே வேலையைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். ஒரு சொல் 'z' ஒலியில் தொடங்குவதுபோலக் கேட்டால் அந்த ஒலி முந்தின சொல்லுக்குச் சொந்தமாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். பிரெஞ்சில் அந்த ஒலியில் தொடங்கும் சொற்கள் மிகக் குறைவு.

மூக்கொலி உயிர்கள் மூன்றையும் பிரித்துக் கேட்க முடியவில்லை என்று அடுத்த புலம்பல். 'வந்தேன்', 'வந்தான்', 'மரம்' இந்த மூன்றையும் வீட்டில் பேசுவதுபோலச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் 'ன்', 'ம்' முழுதாக ஒலிக்காது, உயிர் மட்டும் மூக்கில் போகும். 'வந்தேன்' முடியும் ஒலி பிரெஞ்சில் ஐந்துக்கு, 'வந்தான்' முடியும் ஒலி நூறுக்கு, 'மரம்' முடியும் ஒலி 'நல்ல' என்னும் சொல்லுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். மிகச் சரியான பொருத்தம் இல்லை, ஆனால் மூன்றும் வேறு வேறு என்று காது ஒப்புக்கொள்ள இது போதும். 500 என்பது 'சேன்-சான்', 105 என்பது 'சான்-சேன்க்'. ஏ முன்னால் வந்ததா ஆ முன்னால் வந்ததா என்பதில் எண்ணே மாறிவிடும். நூறுக்கு முன்னால் ஐந்து வரும்போது அதன் கடைசி 'க்' பெரும்பாலும் விழுந்துவிடுகிறது, அதனால் இரண்டும் நெருங்கிவிடுகின்றன.

எண்ணில் இன்னும் சில பொறிகள் இருக்கின்றன. இரண்டும் பன்னிரண்டும்: முன்னது 'தெ' போல உதட்டைக் குவித்துச் சொல்வது, பின்னது 'தூஸ்', கடைசியில் 'z'. தனியாகச் சொன்னால் வேறுபாடு தெளிவு. ஆனால் உயிரில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால் இரண்டுக்கும் நடுவில் அதே 'z' வந்து ஒட்டிக்கொள்கிறது. 'இரண்டு மணி', 'பன்னிரண்டு மணி' இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழுவது இதனால்தான். அப்போது மெய்யை விட்டுவிட்டு உயிரை மட்டும் கேளுங்கள்: தெளிவான 'ஊ' என்றால் பன்னிரண்டு. மூன்றுக்கும் பதிமூன்றுக்கும் இதே கதை, அங்கே 'த்ருவா' என்று 'வா' கேட்டால் மூன்று.

எழுபது முதல் தொண்ணூற்றொன்பது வரை அறுபது-பத்து, நான்கு-இருபது என்று கூட்டிச் சொல்லும் முறையைப் படித்திருப்பீர்கள். தெரிந்திருந்தும் கை ஏமாறும், ஏனென்றால் 'அறுபது' என்று கேட்டதும் பேனா 6 போட்டு அதோடு 0 அல்லது அடுத்த இலக்கத்தையும் போட்டுவிடும். 1977 சொல்லும்போது காதில் வரிசையாக வருவது ஆயிரம், ஒன்பது, நூறு, அறுபது, பத்து, ஏழு. 'அறுபது' கேட்டதும் எழுதாதீர்கள். ஒரு சொல் காத்திருங்கள். அடுத்து வருவது பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா என்று தெரிந்த பிறகு இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். 'நான்கு' கேட்டதும் அடுத்து 'இருபது' வருகிறதா என்று அதே காத்திருப்பு. வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம், இதற்கு மட்டும்.

'இல்லை' சொல்லும் சொற்கள்தான் மிக ஆபத்தானவை. புத்தகத்தில் எதிர்மறை வினைக்கு முன்னும் பின்னும் இரண்டு துண்டாக வரும். பேச்சில் முன்துண்டு காணாமல் போய்விடும், பின்னால் வரும் 'பா' மட்டும் மிஞ்சும். அதுவும் ஒரு சின்ன அசை. தமிழில் மறுப்பு வினையின் கடைசியில் பலமாக நிற்கும், 'ஓடவில்லை' என்று வாக்கியத்தை அதுவே முடித்துவைக்கும். பிரெஞ்சில் அது நடுவில் முணுமுணுப்பாகக் கடந்துவிடும். ஆகவே வினையைக் கேட்டவுடன் அதை ஒட்டி என்ன வந்தது என்று கவனியுங்கள். 'பா' வந்தால் உடனே வினைமேல் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள், சொல்லாக எழுத நேரம் இருக்காது.

இதிலேயே மோசமானது 'ப்ளூ' என்னும் சொல். 'இன்னும் அதிகம்' என்பதற்கும் அதுதான், 'இனி இல்லை' என்பதற்கும் அதுதான். பேச்சில் முன்துண்டு விழுந்தபின் வேறுபடுத்திக் காட்டுவது உச்சரிப்பு மட்டும். உயிரில் தொடங்கும் பண்புச்சொல்லுக்கு முன் 'ப்ளூ-z' என்று ஒட்டிச் சொன்னால் 'அதிகம்'. ஒட்டாமல் 'ப்ளூ' என்று விட்டுச் சொன்னால் பெரும்பாலும் 'இனி இல்லை'. வாக்கியத்தின் கடைசியில் 'ப்ளூஸ்' என்று 'ஸ்' கேட்டால் 'அதிகம்'. மெய்யில் தொடங்கும் பண்புச்சொல்லுக்கு முன்னால் இந்தக் குறிப்பு உதவாது, இரண்டுமே 'ப்ளூ'தான், அங்கே முன்பின் வாக்கியம்தான் துணை.

'யா க்' என்று கேட்கும் இன்னொரு சேர்க்கையும் உண்டு. 'இருக்கிறது' என்பது பேச்சில் 'யா' என்று சுருங்கும், நாம் 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' என்பதுபோல. அதன்பின் ஒரு 'க்' தட்டினால் 'தான்' என்று பொருள். 'யா த்ருவா' மூன்று இருக்கிறது, 'யா க் த்ருவா' மூன்றுதான் இருக்கிறது. அந்த ஒற்றை மெய் தவறினால் 'தான்' போய்விடும், தேர்வில் மதிப்பெண்ணும் போய்விடும்.

புவியறிவியல் படிக்கிறவருக்கென்றே ஒரு பொறி: 'மேலே', 'கீழே'. 'தெஸ்யூ' மேலே, 'தெஸூ' கீழே. முன்னதன் உயிரில் இகரச் சாயல் இருக்கும், தமிழ்க் காது இரண்டையும் 'ஊ' என்றே பதிவுசெய்யும். எந்தப் பாறையடுக்கு எதன்மேல் என்பது தலைகீழானால் முழுப்பாடமும் தலைகீழ். இதைக் காதால் மட்டும் தீர்க்க முயல வேண்டாம், பேராசிரியரின் கையைப் பாருங்கள். அடுக்கைப் பற்றிப் பேசும்போது கையை மேலே கீழே அசைக்காமல் பேசுகிறவர் அபூர்வம். இதற்காகவே முதல் மூன்று வரிசைக்குள் உட்காருங்கள்.

திருப்பும் சொற்களுக்கு வருவோம். தமிழில் முக்கியமானது வாக்கியக் கடைசியில் வரும், அதனால் கடைசிவரை காத்திருந்து கேட்பது நம் பழக்கம். 'நேற்று பெய்த மழையில் இடிந்து விழுந்த அந்தப் பழைய வீடு' என்று வால் எல்லாம் முன்னால் வந்து தலை கடைசியில் வரும். பிரெஞ்சில் தலை முன்னால், வால் பின்னால். 'வீடு' என்று சொல்லிவிட்டு எந்த வீடு என்பதைப் பிறகு இழுப்பார். கடைசிக்குக் காத்திருந்தால் வாலைத்தான் எழுதுவீர்கள். வாக்கியத்தின் முதல் பாதியை எழுதுங்கள், இரண்டாம் பாதி தேய்ந்தாலும் பாதகமில்லை.

அந்த முதல் பாதியின் வாசலில் நிற்பவைதான் திருப்பும் சொற்கள். எழுத்தில் பல இருந்தாலும் வகுப்பறைப் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம்தான். 'தோன்க்', பேச்சுவழக்கில் 'த்யூ கூ' இரண்டும் 'ஆகவே'. 'ஆன் ர்வான்ஷ்', 'பார் கோன்த்ர்' இரண்டும் 'மாறாக'. 'செத்தாதீர்', 'ஓத்ர்மான் தீ' இரண்டும் 'அதாவது', 'வேறுவிதமாகச் சொன்னால்'. 'பார்ஸ்க்' என்பது 'ஏனென்றால்'. இவற்றுக்குக் குறி வைத்துக்கொள்ளுங்கள்: ஆகவேக்கு →, மாறாகவுக்கு ≠, அதாவதுக்கு =, ஏனென்றாலுக்கு ←. 'அதாவது' கேட்டால் மனதுக்குள் மகிழ்ச்சியடையலாம், தவறவிட்ட வாக்கியம் எளிய சொற்களில் மறுபடி வருகிறது என்று அர்த்தம். பிரெஞ்சில் இடையிடையே விழும் 'ஏன்', 'குவா', 'போன்', 'ஆன் ஃபெத்' போன்றவை நம் 'வந்து', 'அதான்', 'என்னன்னா' மாதிரி. அவற்றில் ஒன்றும் இல்லை, அந்த நேரத்தில் பழைய வரியை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சில நேரம் அவர் குரல் திடீரென்று மெதுவாகும், 'விர்க்யூல்', 'தெ புவேன்', 'ஆ லா லீஞ்' என்று நிறுத்தற்குறியை வாயால் சொல்வார். காற்புள்ளி, முக்காற்புள்ளி, அடுத்த வரி. அது சொல்வதெழுதுதல். வரையறை கொடுக்கிறார். வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சிலேயே எழுதுங்கள், தேர்வில் அந்த வாக்கியமாகவே எதிர்பார்ப்பார். மற்ற நேரத்தில் தமிழும் பிரெஞ்சும் கலந்து எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'சியோன்' என்று முடியும் சொற்களுக்குக் கடைசியில் ஒரு சிறு ° போட்டு விடுவது பிரெஞ்சு மாணவர்கள் எல்லோரும் செய்வது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடப் பேச்சை எடுத்துப் பார்ப்போம். ஸ்லைடில் 'இரண்டு எரிமலைகள்' என்று ஒரே வரி. அவர் சொல்வது தமிழில் இப்படி இருக்கும்:

"சரி, இந்தத் தீவில் ரெண்டு எரிமலை. பித்தோன் தெ நேஜ் பழசு, 20 லட்சம் வருஷத்துக்கும் மேல. அது கடைசியா வெடிச்சது ஏறத்தாழ 12,000 வருஷத்துக்கு முன்னாடி, ஆகவே இப்ப அது இயங்கறதில்ல. பித்தோன் த லா ஃபூர்னேஸ், மாறாக, சின்னது, 5 லட்சம் வருஷம்னு வச்சுக்கலாம், அது அடிக்கடி வெடிக்குது. 2007 ஏப்ரல்ல தொலோமியெ எரிமலைவாயோட தரை 300 மீட்டருக்கும் மேல உள்ள போச்சு. வெடிச்சுச் சிதறல, சரிஞ்சு உள்வாங்குச்சு. ஏன்னா கீழ இருந்த மாக்மா பக்கவாட்டுல வெளிய போயிடுச்சு, அதாவது கூரைக்குத் தாங்கல் இல்லாம போச்சு."

எல்லாவற்றையும் எழுத முயன்றவர் நோட்டில் இப்படி இருக்கும்: 'பி. நேஜ் பழசு 20 லட்சம். கடைசி 2,000. அதிகம் இயங்கும். ஃபூர்னேஸ் 1 லட்சம். 2007 வெடிப்பு 300 மீ. மாக்மா...' நான்கு தவறு, நான்கும் மேலே சொன்ன இடங்களில்தான். பன்னிரண்டு ஆயிரம் இரண்டு ஆயிரமானது. இங்கே பின்னால் வருவது மெய், ஒட்டும் சிக்கல் இல்லை, உயிரைச் சரியாகக் கேட்டிருந்தால் தப்பியிருக்கலாம். 'ப்ளூ ஆக்தீஃப்' என்று ஒட்டாமல் சொன்னது 'அதிகம்' ஆனது. 'சேன்-சான்-மில்' என்ற ஐந்து லட்சத்தில் முதல் அசை விழுந்து ஒரு லட்சமானது. 'வெடிச்சுச் சிதறல' என்பதில் மறுப்பு போய், வெடிப்பு மட்டும் மிஞ்சியது.

மூன்றை மட்டும் பிடித்தவர் நோட்டில் இப்படி இருக்கும்: 'நேஜ்: >20 ல., கடைசி 12,000 → இயங்கும் (குறுக்குக்கோடு) ≠ ஃபூர்னேஸ் 5 ல., அடிக்கடி. 4/2007 தொலோ. >300 மீ: வெடிப்பு (குறுக்குக்கோடு), எஃபோன்ட்ர்மான் ← மாக்மா பக்கம் = கூரை தாங்கல் போச்சு.' இருபது சொல் அளவுதான். கை தாங்கும்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. குறிகள் ஒன்றையொன்று காவல் காக்கும். முதலாமவர் 'நேஜ் அதிகம் இயங்கும்' என்று எழுதியபின் அவரும் ≠ போட்டிருந்தால், அடுத்த வரியில் 'ஃபூர்னேஸ் அடிக்கடி வெடிக்கிறது' என்று வரும்போது இடறியிருக்கும். இரண்டும் இயங்குமானால் 'மாறாக' எதற்கு? அப்படி இடறினால் அழித்துத் திருத்த வேண்டாம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் கடிகார நேரமும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். ஒரு ஓட்டையை அடைக்க நின்றால் மூன்று ஓட்டை விழும்.

வகுப்பு முடிந்ததும் செய்யும் வேலையைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள், நோட்டு தங்களுக்கே புரியாமல் போவது அதனால்தான். அந்தச் சுருக்கக் குறிகளின் பொருள் உங்கள் நினைவில்தான் பாதி இருக்கிறது, நினைவு ஒரு இரவு தாங்காது. சேன்தாந்த்ரே போகும் பேருந்தில் உட்கார்ந்ததும் தாளை எடுத்து, பின்பக்கத்தில் கேள்விகளுக்குப் பதிலைத் தமிழில் கிறுக்குங்கள். வீட்டுக்குப் போனபின் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று முழு வாக்கியம் பிரெஞ்சில் எழுதுங்கள். அது கட்டாயம். தேர்வில் எழுதப்போவது பிரெஞ்சில், தமிழ்க் குறிப்பை வைத்துக்கொண்டு டிசம்பரில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நேரம் போதாது. எண்களை மட்டும் பாடநூலோடு ஒத்துப்பாருங்கள்.

அப்படியும் அடைபடாத கேள்விக்குறிகளை மட்டும் வெளியே கேளுங்கள். பக்கத்து மாணவரிடம் முழு நோட்டையும் கடன் கேட்டால் முகம் சுளிப்பார், 'பத்து மணி இருபது நிமிடத்தில் ஒரு எண் சொன்னாரே, அது என்ன?' என்று கேட்டால் உடனே காட்டுவார். பேராசிரியரிடமும் அப்படித்தான். 'புரியவில்லை' என்று சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கே தெரியாது. 'எஃபோன்ட்ர்மான் என்றபின் ஒரு காரணம் சொன்னீர்கள், அதை மறுபடி சொல்ல முடியுமா?' என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும். கூட்டமான அரங்கில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 'தேதே' எனப்படும் சிறுகுழு வகுப்புக்கு எடுத்துப் போங்கள், அது அதற்குத்தான் இருக்கிறது.

ஃபோனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பேராசிரியரின் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். வகுப்புரை அவருடைய ஆக்கம், குரலும் அவருடையது, ஒளித்துப் பதிவுசெய்து சிக்கிக்கொண்டால் நியாயம் உங்கள் பக்கம் இருக்காது. முதல் வாரத்தில் நேரில் போய், பிரெஞ்சு என் மூன்றாவது மொழி, எனக்கு மட்டும், யாருக்கும் அனுப்பமாட்டேன் என்று கேளுங்கள். கொடுத்தால் இரண்டு மணியையும் திரும்பக் கேட்காதீர்கள், அது ஒரு வாரத்தில் உங்களைச் சாய்த்துவிடும். ஓரத்தில் நேரம் போட்ட இடங்களை மட்டும் கேளுங்கள். கடிகார நேரம் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

எல்லா வகுப்புக்கும் இந்த முறை செல்லாது. பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டே போகிற வகுப்பில் பலகைதான் முதன்மை, வாய் இரண்டாம்பட்சம், அங்கே எழுதியதை அப்படியே பார்த்து எழுதுங்கள். ஸ்லைடுத் தலைப்புக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாமல் கதை சொல்லிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய வினாத்தாள்களை எடுத்து, அவற்றின் கேள்விகளை உங்கள் தாளின் கேள்விகளாக வைத்துக்கொள்வதுதான் வழி.

கடைசியாகக் காதுப் பயிற்சி. மாமா வீட்டில் கிரியோல் பேசுவார்கள், அதைக் கேட்டுக் கேட்டுப் பிரெஞ்சு பழகிவிடும் என்று இங்கே வருகிறவர்கள் நம்புகிறார்கள். அக்கம்பக்கத்தோடு பழக, கடையில் பேச அது தேவை, கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதன் வினை அமைப்பே வேறு, வகுப்பறைப் பிரெஞ்சுக்குக் காதைத் தயாரிக்காது. அதற்குத் தனியாகத் தினம் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியில் எழுத்துவடிவமும் கூடவே கிடைக்கும், முதல் மாதம் அது போதும். இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை ஓடவிட்டு எண், மறுப்பு, திருப்பம் மூன்றை மட்டும் தாளில் குறியுங்கள். பிறகு எழுத்தைத் திறந்து எது தவறியது என்று பாருங்கள். தவறியதை மட்டும் ஐந்தாறு முறை திரும்பக் கேளுங்கள், முழுதையும் அல்ல. எளிதாகிவிட்டால் சாதாரண வேகச் செய்திக்கு மாறுங்கள். ஃபூர்னேஸ் வெடிக்கும் நாட்களில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் எரிமலை ஆய்வாளர்கள் பேசுவார்கள். உங்கள் பாடத்தின் சொற்கள், உங்கள் பேராசிரியரின் வேகம். எரிமலைக் கண்காணிப்பு நிலையம் மாதாமாதம் பிரெஞ்சில் அறிக்கை வெளியிடுகிறது. அதை முன்பே படித்துவிட்டு அந்தப் பேட்டியைக் கேட்டால், ஸ்லைடைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போவதன் ஒத்திகை அதுவே.